திரும்பி வந்த சேலை

வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் ஒரு பெண்ணிடம் 1,200 ரூபாய் பருத்திச் சேலை திரும்பி வருகிறது. பணமா, மாற்றுச் சேலையா, அடுத்த முறை கழித்துக்கொள்ளும் வரவா? தவறு யாருடையது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

"முதல் அலசிலேயே சாயம் போயிடுச்சு அக்கா" என்றால், அதே கட்டில் வந்த இன்னொரு சேலையை எடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் பார்டரை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கட்டு முழுவதுமே சந்தேகம்தான். அதிலிருந்தே மாற்றுச் சேலை அனுப்பினால் அதுவும் திரும்பி வரும், கூரியர் செலவும் இரட்டிப்பாகும். பணத்தைத் திருப்பிவிடுவதே சரி. அவர் அனுப்பிய அதே கணக்குக்கே அனுப்புங்கள். பின்னால் தகராறு வராது.

நீலம் கேட்டவருக்குப் பச்சை போயிருந்தால், கையில் நீலம் இருக்கும்போது மாற்றித் தரலாம். இரண்டு பக்கக் கூரியரும் விற்றவர் பொறுப்பு. நீலம் தீர்ந்துவிட்டதென்றால் பணம்தான்.

சேலையில் குறையில்லை, மனம்தான் மாறிவிட்டது என்றால் மட்டும் வரவு வைக்கலாம். மடிப்பு கலையாமல் வந்திருக்க வேண்டும். இந்த விதியை விற்கும்போதே சொல்லியிருக்கவும் வேண்டும். தொகையையும் கடைசித் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

குறையுள்ள பொருளுக்கு வரவை ஏற்கும்படி வற்புறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம்.