யார் செய்தார் என்று சொல்லாத வாக்கியங்கள்

“பிரதான குடிநீர்க் குழாயில் ஏற்பட்டுள்ள பழுதினைச் சீரமைக்கும் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால், 5, 6 மற்றும் 7-ஆவது வார்டுகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தம் செய்யப்படுகிறது. பொதுமக்கள் இதற்குப் போதிய ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

ஊர் பெயரை மட்டும் மாற்றினால் எந்தத் தெருமுனையிலும் ஒட்டிவிடக்கூடிய அறிவிப்பு இது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை; தமிழாசிரியர் சிவப்பு மையைத் தொடவே வேண்டாம். ஆனால் குடத்தோடு நின்று இதைப் படிக்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியவை வேறு. தண்ணீர் எப்போது நிற்கும், எப்போது திரும்ப வரும், அதுவரைக்கும் லாரி வருமா? இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் நல்க வேண்டிய ஒத்துழைப்பு என்ன என்பதும் அவருக்கு விளங்காது.

அறிவிப்பில் உள்ள வினைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சங்கதி புரியும். ஏற்பட, சீரமைக்க, மேற்கொள்ள, செய்ய, நல்க, கேட்டுக்கொள்ள. இவற்றைப் படித்துவிட்டு, பேச்சு தண்ணீரைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாண மண்டப வாடகையைப் பற்றிய கடிதத்திலும் இதே வினைகள் வரும். உண்மையில் நடந்ததும் நடக்கப்போவதும் பெயர்ச்சொற்களுக்குள் முடங்கிக் கிடக்கின்றன: பழுது, பணி, விநியோகம், நிறுத்தம், ஒத்துழைப்பு.

இந்த அறிவிப்பு ஒரு கைதேர்ந்த பத்திரிகை உதவி ஆசிரியரின் மேசைக்கு வந்தால் அவர் என்ன செய்வார்? முதலில் வாக்கியத்தின் கடைசிக்குப் போவார். அங்கே ‘மேற்கொள்’, ‘ஏற்படு’, ‘நடைபெறு’, ‘அளி’, ‘நல்கு’ போன்ற வெற்று வினை நின்றால், அதற்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்ப்பார். அதற்குச் சொந்தமாக ஒரு வினை உண்டா என்பதுதான் கேள்வி. விசாரணைக்கு ‘விசாரி’ உண்டு. பரிசீலனைக்குப் ‘பரிசீலி’ உண்டு. நிறுத்தத்துக்கு ‘நிறுத்து’. அப்படி இருந்தால் வினையை வெளியே இழுத்து, வெற்று வினையை வெட்டிவிடலாம். ‘கைது’க்கு அப்படி ஒரு வினை இல்லை, ‘கைது செய்தார்கள்’ என்பது நல்ல தமிழ்தான், அதை விட்டுவிட வேண்டும். ‘முடிவு செய்தார்கள்’ என்பதும் அப்படியே. ‘செய்’ என்று முடியும் எல்லாவற்றையும் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் கடைசியில் யாரும் பேசாத தமிழ் ஒன்றை எழுதி வைப்பார்.

இதுவரை கத்தரிக்கோல் வேலை. அடுத்து வருவதுதான் சிக்கல். ‘நிறுத்தம் செய்யப்படுகிறது’ என்பதை ‘நிறுத்துகிறார்கள்’ என்று மாற்றியதும், யார் என்ற கேள்வி உடனே எழுகிறது. எப்போதிலிருந்து எப்போது வரை என்ற கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ‘ஒத்துழைப்பு’ என்பதை உடைத்தால், மக்கள் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைக்க வேண்டுமா, மோட்டாரைப் போடாமல் இருக்க வேண்டுமா, தெருவில் வண்டியை நிறுத்தாமல் இருக்க வேண்டுமா என்று தெரிந்தாக வேண்டும். இந்தப் பதில்கள் அறிவிப்புக்குள் இல்லை. உதவி ஆசிரியர் பேனாவை வைத்துவிட்டு போனை எடுக்க வேண்டியதுதான். எழுதியவருக்கே அவை தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமலே வாக்கியத்தை முடித்துவிட அந்தப் பெயர்ச்சொற்கள் அவருக்கு இடம் கொடுத்தன.

கேட்டு வாங்கிய விவரங்களோடு அதே அறிவிப்பு இப்படி மாறலாம்:

“5, 6, 7 வார்டுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் பேருந்து நிலையம் அருகே உடைந்துவிட்டது. எங்கள் ஊழியர்கள் புதன்கிழமை அதை மாற்றுகிறார்கள். அன்று காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை இந்த வார்டுகளில் தண்ணீர் வராது. செவ்வாய் மாலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடுகிறோம், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதன் மதியம் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு லாரி அனுப்புகிறோம்.”

இது மூலத்தைவிட நீளம். சுருக்கமாக எழுதுவதற்குத்தான் இந்த வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். நீளம் கூடியது சொற்களால் அல்ல, சேதியால். லாரி அனுப்பாத நகராட்சி இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதவே முடியாது. பழைய அறிவிப்பை எந்த நகராட்சியும் ஒட்டலாம்.

தமிழில் இந்த மாற்றம் தரும் பலனுக்குத் தமிழ் வினையின் அமைப்பே காரணம். ‘அனுப்புகிறோம்’ என்றால் போதும். நாங்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘வந்தேன்’, ‘வந்தாய்’, ‘வந்தாள்’, ‘வந்தார்கள்’ என்று வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு வினை ஆறு விஷயங்களை உணர்த்தும் என்கிறது: செய்கிறவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள். இலக்கணத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன இந்த ஆறும், அறிவிப்பு எழுதுகிறவருக்கு ஆயத்தமான கேள்வித்தாள். மேலே உள்ள பழைய அறிவிப்பை இதில் நிறுத்திப் பாருங்கள். இடம் தேறுகிறது. செய்கிறவரும் காலமும் தேறவில்லை.

‘படு’ வந்து சேர்ந்ததும் வால் மாறிவிடுகிறது. ‘நிறுத்தப்படுகிறது’ என்பதில் உள்ள ‘அது’ தண்ணீரைத்தான் குறிக்கும், நிறுத்தியவரை அல்ல. பழைய அறிவிப்பில் மனிதரைக் காட்டும் வால் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. அந்த மனிதர்கள் பொதுமக்கள். குழாயைப் பராமரித்தவர்கள், மாற்றப்போகிறவர்கள், கேட்டுக்கொள்கிறவர்கள் யாரும் அதில் இல்லை. தண்ணீர் இல்லாமல் இருக்கப்போகிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள்!

வீட்டில் யாரும் “அம்மாவால் சாதம் வடிக்கப்பட்டது” என்று பேசுவதில்லை. இந்த நடை அலுவலகக் கோப்பு வழியாக வளர்ந்தது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, அதற்கு முன் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆணைகளையும் குறிப்புகளையும் தமிழாக்க வேண்டியிருந்தது. ஆங்கிலக் கோப்பு நடையே அப்போது ஆளை மறைத்து எழுதுகிற நடைதான். பிரிட்டனில் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி 1948-இல் அரசு ஊழியர்களுக்காகவே எளிய நடை பற்றி ஒரு கையேடு எழுத நேர்ந்த அளவுக்கு அது அங்கேயே தொல்லையாக இருந்தது. நம் அலுவலகங்களுக்கு வந்தது அந்த நடையின் தமிழ் வடிவம். பிறகு செய்தித்தாள்கள் அரசுக் குறிப்பிலிருந்து எடுத்தன. பள்ளி மாணவர் செய்தித்தாளிலிருந்து எடுத்தார்.

ஆளைச் சொல்லாமல் இருக்கத் தமிழில் இதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. சுவர் இடிந்தது, சுவரை இடித்தார்கள். கிளை முறிந்தது, கிளையை முறித்தான். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தார். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த இணைகள். மழையில் தானாக விழுந்த சுவருக்கு ‘இடிந்தது’ போதும். ‘இடிபாடு நிகழ்ந்துள்ளது’ வேண்டாம். அந்தக் குடிநீர்க் குழாய் துருப்பிடித்து உடைந்திருந்தால் ‘உடைந்தது’ சரி. பொக்லைன் ஓட்டியவர் உடைத்திருந்தால் ‘உடைந்தது’ என்று எழுதுவது ஒரு சின்னப் பொய். ‘பழுது ஏற்பட்டுள்ளது’ என்பது இரண்டுக்கும் பொருந்தும். அந்த வசதிக்காகத்தான் பலர் அதை எழுதுகிறார்கள்.

எல்லா இடத்திலும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா என்றால், இல்லை. ‘இருவர் கைது செய்யப்பட்டனர்’ என்ற செய்தியில் கைது செய்தது போலீஸ் என்று வாசகருக்குத் தெரியும்; அவர் பார்க்க விரும்புவது கைதானவர்களை. ‘வாக்குப்பதிவு 6 மணிக்கு முடிந்தது’ என்பதில் வாக்குப்பதிவு நிகழ்ச்சியின் பெயராகவே ஆகிவிட்டது; அதை உடைக்க ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்ட சிறுமியைப் பற்றிய செய்தியில் சில ஆட்களைச் சட்டமே மறைக்கச் சொல்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் பிழை வேறு வகை. ‘பாலப் பணியில் தாமதம் ஏற்பட்டது’ என்ற வாக்கியத்தைப் பார்த்ததும், உற்சாகத்தில் ‘ஒப்பந்ததாரர் பாலப் பணியைத் தாமதப்படுத்தினார்’ என்று திருத்திவிடுவார்கள். நடை உயிர் பெற்றுவிட்டது, ஆனால் ஒரு மனிதர் மேல் ஆதாரமில்லாத குற்றச்சாட்டும் ஏறிவிட்டது. நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு நடந்திருக்கலாம். துறை பணம் விடுவிக்காமல் இருந்திருக்கலாம். விசாரித்தும் தெரியவில்லை என்றால், ‘பாலம் ஏன் இரண்டு ஆண்டு தாமதமானது என்று துறையின் அறிக்கை சொல்லவில்லை’ என்று எழுதலாம். அதிலும் தெளிவான எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, பழி இல்லை. இன்னொரு போலி, ‘நிர்வாகம்’, ‘தரப்பு’, ‘வட்டாரம்’ போன்றவற்றை ஆளாக நிறுத்துவது. வாக்கியம் செய்வினையாகத் தெரியும், போய்க் கேட்க முகவரி இருக்காது.

யார் செய்தார் என்ற கேள்விக்கு இந்தியக் குடிமகனுக்குச் சட்டப்படி ஒரு வழி 2005-இல் கிடைத்தது. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தவருக்கு, ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ‘என் மனு என்ன ஆயிற்று?’ என்று கேட்டால் திரும்பவும் அதே பரிசீலனைதான் வரும். அனுபவப்பட்டவர்கள் அப்படிக் கேட்பதில்லை. ‘நான் மனு கொடுத்த நாளிலிருந்து இன்று வரை அந்தக் கோப்பு எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? ஒவ்வொருவரும் அதில் என்ன எழுதினார்கள்? அவர்களின் பெயரும் பதவியும் என்ன? கோப்பின் நகலைத் தரவும்’ என்று கேட்கிறார்கள். பரிசீலனை என்ற ஒற்றைச் சொல், இந்தக் கேள்வியில் பெயரும் தேதியும் உள்ள பலருடைய செயல்களாகப் பிரிந்துவிடுகிறது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால், தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதைக் கட்ட வேண்டியவர் அந்த அலுவலர்தான்.