``அந்த விசிலை ஊதினது நான்தான்!'' - 14 பக்கத்தை ஒரே பக்கமாக்கிய கண்டக்டரின் விடைபெறும் கடிதம்

``பாப்பா, இதைக் கொஞ்சம் திருத்திக் கொடு. எழுத்துப்பிழை மட்டும் பார்த்தா போதும்.''

மே மாதத்தின் நடுவில் ஓர் இரவு, சாப்பிட்டு முடித்த கையோடு மகளிடம் ஒரு லாங் சைஸ் நோட்டை நீட்டினார் அந்த அரசுப் பேருந்து நடத்துநர். மதுரைப் பக்கத்து டெப்போ ஒன்றில் 30 வருட சர்வீஸ். 60 வயது நிறைவடைந்து, 2024 மே 31 அன்று ஓய்வு. அன்று மாலை டெப்போவில் நடக்கும் வழியனுப்பு விழாவில் வாசிக்க அவர் எழுதியிருந்தது 14 பக்கங்கள். பக்கத்தின் இரண்டு புறமும்.

மகள் தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், ``எழுத்துப்பிழை அப்புறம் பார்க்கலாம்ப்பா. முதல்ல நீங்களே சத்தமா வாசிங்க'' என்றார். செல்போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். கையில் ஒரு பென்சில்.

வாசித்து முடிக்க 40 நிமிடங்கள் ஆயின. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிக்க எழுந்து போனார் அப்பா. கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு நிமிடம்தான் கிடைக்கும்!

டெப்போ விழா என்பது கல்யாண மண்டப விழா மாதிரி அல்ல. ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் நடக்கும். ஒரு பக்கம் காலை டியூட்டி முடித்தவர்கள் கலெக்‌ஷன் பணத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். இன்னொரு பக்கம் மாலை டியூட்டிக்காரர்கள் டிக்கெட் மெஷினையும் பையையும் வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்பார்கள். வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டிருக்கும். சால்வை, மாலை, போட்டோ, மேலாளர் பேச்சு, சங்கத்துக்காரர்கள் பேச்சு எல்லாம் போக, ஓய்வு பெறுபவருக்கு மிஞ்சுவது நான்கு நிமிடம்.

``நாலு நிமிஷத்துக்கு மேல போனா, கேட்கிறவங்க உங்களைப் பார்க்க மாட்டாங்கப்பா, கடிகாரத்தைத்தான் பார்ப்பாங்க'' என்றார் மகள். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ``முப்பது வருஷத்தை நாலு நிமிஷத்துல எப்படிம்மா சொல்றது?''

மறுநாள் மூன்று நிறப் பேனாக்களுடன் உட்கார்ந்தார் மகள். நன்றி சொல்லும் வரிகளுக்கு நீலம். குறைகளுக்குச் சிவப்பு. சம்பவங்களுக்குப் பச்சை. 14 பக்கங்களையும் கோடு போட்டு முடித்தபோது, அந்தக் கடிதத்துக்குள் மூன்று கடிதங்கள் இருப்பது தெரிந்தது.

நீலத்தில் 62 பெயர்கள். முதல் டிரைவரிலிருந்து கேன்டீனில் டீ ஆற்றியவர் வரை. ``இதை வாசிச்சா 63-வது ஆள் மனசு கஷ்டப்படுவார்'' என்றார் மகள். பெயர்கள் போய், அவர்கள் செய்த வேலை மட்டும் நின்றது.

சிவப்பில் நான்கு பக்கங்கள். லீவு கிடைக்காதது, தொடர்ந்து டபுள் டியூட்டி பார்த்தது, பணப்பலன் எப்போது வரும் என்ற பயம். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால், அவற்றைக் கேட்டுத் தீர்க்க வேண்டியவர்கள் வேறு. அந்தப் பக்கங்களைத் தனியாக எடுத்து, தேதி போட்டு, சங்கத்தில் கொடுக்கும் மனுவாக மாற்றிக் கொடுத்தார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் சமாதானம். வெட்டியது குப்பைக்குப் போகவில்லையே!

`நான் படிக்காதவன், பேசத் தெரியாதவன், தவறிருந்தால் மன்னிக்கவும்' என்ற ரீதியில் மட்டும் ஒன்பது இடங்கள். அவை அத்தனையும் போயின.

பென்சில் காட்டிக்கொடுத்த இடம்

அப்பா வாசித்தபோது குரல் உடைந்த இடங்களில் எல்லாம் மகள் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தார். மொத்தம் ஐந்து புள்ளிகள். அவற்றில் நான்கு, ஒரே டிரைவரைப் பற்றிய வரிகளில் இருந்தன. அவர் ஆறு வருடங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். `அண்ணனை மறக்க முடியாது', `அண்ணன் இல்லையென்றால் நான் இல்லை' என்று திரும்பத் திரும்ப வந்ததே தவிர, ஏன் என்பது எங்கும் இல்லை. 11-ம் பக்கத்தில் மட்டும் அரை வரி: `ஆஸ்பத்திரி ஸ்டாப் விஷயத்தில் அண்ணன் செய்தது எனக்கும் கடவுளுக்கும் தெரியும்.'

``ஆஸ்பத்திரி ஸ்டாப்ல என்னப்பா நடந்துச்சு?''

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

1995. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவி ஆறு மாத கர்ப்பம். காலை நேரக் கூட்டத்தில் வண்டி நிரம்பி வழிந்தது. அவர் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வண்டி நின்றது. பின்படிக்கட்டிலிருந்து ஒரு பையன், ``போலாம் ரைட்'' என்று கத்தினான். அதை நம்பி, திரும்பிப் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்துவிட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. வண்டி நகர்ந்தது. பின்படியில் கடைசியாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கீழே விழுந்தார். கை எலும்பு முறிந்தது.

விசாரணை வந்தது. விசில் கொடுத்தது கண்டக்டர் என்றால், அவருடைய வேலையே போயிருக்கும். டிரைவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: ``விசில் வரல. நானேதான் எடுத்துட்டேன்.'' விசில் இல்லாமல் வண்டியை எடுத்தது டிரைவரின் தப்பு. அவருக்கு மெமோ வந்தது, ஒரு வருட இன்கிரிமென்ட் போனது. கண்டக்டர் வாயே திறக்கவில்லை. மூன்று மாதத்தில் மகள் பிறந்தாள். அதற்கடுத்த வருடம் வேலை நிரந்தரமானது.

``அந்தப் பாட்டியைப் போய்ப் பார்த்தீங்களாப்பா?''

``ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல.''

``என்னைத் தியாகி ஆக்காதே!''

கடிதத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால், அதை எல்லோர் முன்னாலும் வாசிக்கலாமா? அந்தக் கதையில் பாதி டிரைவருடையது. அவர் விசாரணையில் மாற்றிச் சொன்னதும் அதில் வெளிவரும். அதனால் அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டிரைவர் சிரித்தார். ``இதையா இத்தனை வருஷம் தூக்கிட்டுத் திரிஞ்ச? சொல்லு தம்பி, தாராளமா சொல்லு. ஆனா, என்னைத் தியாகி ஆக்காதே. நானும் கண்ணாடியைப் பார்க்கல. பார்த்திருந்தா அந்தம்மா நிக்கிறது தெரிஞ்சிருக்கும். அதையும் சேர்த்துச் சொல்லு. புதுப் பசங்களுக்கு அதுதான் வேணும்.''

அந்த ஒரு வார்த்தையில் கடிதத்தின் திசையே மாறியது. அதுவரை அழுகையாக இருந்தது, இப்போது இளையவர்களுக்குச் சொல்லும் ஒரு விஷயமானது.

மகளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கடைசி நாளில் இதைப் பேசி, அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தால்? பணப்பலனே நின்றுபோகலாம். ``வரட்டும்மா. 29 வருஷம் கழிச்சு வர்ற மெமோவுக்கும் நானே பதில் எழுதுறேன்'' என்றார் அப்பா. ஆனாலும் மகளின் பிடிவாதத்தால், மெஷினையும் பையையும் ஒப்படைத்து, பணியிலிருந்து விடுவித்த ஆணையைக் கையில் வாங்கிய பிறகே வாசிப்பது என்று முடிவானது.

வார்த்தைகளில் மகள் அதிகம் கை வைக்கவில்லை. `என் வாழ்வின் ஆழ்கடலில் ஒளிந்திருந்த வேதனை முத்து' என்று அப்பா எழுதியிருந்த வரியை மட்டும் காட்டி, ``இதை நீங்க வீட்டுல பேசுற மாதிரி சொல்லுங்க'' என்றார். ``அந்த விசிலை ஊதினது நான்தான்'' என்றார் அப்பா. மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் குடும்பம் பகிர்ந்துகொண்ட அந்தக் கடிதம் இதுதான்:

*எல்லோருக்கும் வணக்கம்.*

*30 வருஷம் இந்த டெப்போவில் வேலை பார்த்தேன். விடியற்காலை வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்த மெக்கானிக்குகள், ராத்திரி வண்டியைக் கூட்டிக் கழுவினவங்க, கணக்கில் நான் தப்பு விட்டப்போ பொறுமையா திருத்தினவங்க, சில்லறை இல்லாம நின்னப்போ தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கண்டக்டர்கள், எல்லோருக்கும் நன்றி.*

*ஒரு விஷயம் சொல்லணும். 1995-ல ஆஸ்பத்திரி ஸ்டாப்ல வண்டி நகர்ந்து ஒரு அம்மா விழுந்தாங்க. விசில் வரலைன்னு டிரைவர் அண்ணன் சொன்னார். அவருக்கு இன்கிரிமென்ட் போச்சு. அந்த விசிலை ஊதினது நான்தான். யாரோ `ரைட்' சொன்னதை நம்பி, திரும்பிப் பார்க்காம ஊதினேன். என் வேலைக்காக அண்ணன் பொய் சொன்னார். நான் வேலைக்குப் பயந்து உண்மையைச் சொல்லல. அண்ணே, மன்னிச்சிருங்க. அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேட்க இப்போ வழியில்லை. அதுதான் எனக்கு மிச்சமிருக்கிற பாக்கி.*

*அன்னையிலிருந்து பின்படியைக் கண்ணால பார்க்காம நான் விசில் ஊதினதில்லை. கூட்டத்துல பார்க்க முடியலைன்னா இறங்கிப்போய்ப் பார்த்தேன். லேட் ஆச்சு, டைமிங் போச்சு, திட்டு வாங்கினேன். பரவாயில்லை.*

*புதுசா வந்திருக்கிற தம்பிகளுக்கு ஒண்ணே ஒண்ணு. பாசஞ்சர் சொல்ற `ரைட்' நமக்கு ரைட் இல்லை. நீங்க பார்த்துட்டு ஊதுங்க. டிரைவர் தம்பிகள் விசில் வந்தாலும் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துட்டு எடுங்க. இதை அண்ணன்தான் சொல்லச் சொன்னார்.*

*நான் இறங்கிக்கிறேன். பார்த்துட்டு விசில் கொடுங்க. வணக்கம்.*

வாசிக்க மூன்றரை நிமிடங்கள் ஆயின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து வந்து, மாலை போட்டிருந்த கண்டக்டரின் தோளில் கை வைத்தார். யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் வெளியே உறுமிக்கொண்டிருந்த வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மாலை டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளம் கண்டக்டர், அவர் கையைப் பிடித்து ``வர்றேன்ணே'' என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். டெப்போ வாசலில் வண்டி காலியாகத்தான் நின்றது. ஏறவோ இறங்கவோ ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பையன் பின்படி வரை நடந்துபோய், தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

பிறகுதான் இரண்டு விசில் கேட்டது.