மூன்று கோரிக்கை, ஒரே கடிதம்: வங்கிக் கவுன்ட்டரில் திரும்பி வராமல் இருக்க

திருமணத்துக்கு முன் தொடங்கிய சேமிப்புக் கணக்கு. பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல், பிறந்த வீட்டு முகவரி. நாமினி என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அப்பா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். வேலை நிமித்தம் ஊரும் மாறியிருக்கும். சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் அந்தக் கணக்கில்தான் விழுந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கணக்குகள் ஏராளம்.

இவற்றைச் சரிசெய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, ஆதார் நகலையும் ரேஷன் கார்டு நகலையும் பின் அடித்துக் கொடுப்பார்கள். கவுன்ட்டரில் அது திரும்பி வந்துவிடும். பெயர், முகவரி, நாமினி ஆகிய மூன்றும் வங்கியின் கணக்கில் மூன்று தனி வேலைகள். ஒன்றுக்கான சான்று இன்னொன்றுக்குச் செல்லாது. கடிதம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதற்கே உரிய சான்று பின்னால் இருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் கணக்குத் தொடங்கிய ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அப்போது அவர் பா. செல்வி. திருமணமாகி இப்போது மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறார், கு. செல்வி என்று எழுதுகிறார். ஒரு சேமிப்புக் கணக்கும் ஒரு வைப்புத்தொகையும் இருக்கின்றன. கணவரையும் ஒன்பது வயது மகளையும் நாமினியாக்க வேண்டும்.

முதலில் பெயர். மற்ற இரண்டு வேலைகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. அவருடைய ஆதாரில் இன்னும் பழைய இனிஷியல்தான் இருக்கிறது. அதை மாற்றிய பிறகுதான் வங்கிக்குப் போக வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அதற்குத் தேவையில்லை. அடையாளச் சான்றில் உள்ள பெயர் பிறகு மாறியிருந்தால், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழையோ பெயர் மாற்றத்துக்கான அரசிதழ் அறிவிப்பையோ இணைத்தால் அந்தச் சான்றே போதும் என்கின்றன ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள். கோயிலிலோ மண்டபத்திலோ கொடுத்த ரசீது இதற்கு ஆகாது. பதிவுத் துறையின் சான்றிதழ் வேண்டும். பான் அட்டையின் நகலும் கூடவே இருக்கட்டும்.

அடுத்தது முகவரி. சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். ரிசர்வ் வங்கி ஏற்கும் முதன்மைச் சான்றுகள் ஆறுதான்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இந்தப் பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை.

ஆறில் எதிலும் புது முகவரி இல்லையென்றால், முகவரிக்கு மட்டும் வேறு சில ஆவணங்களைக் காட்டலாம். மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு மொபைல், குழாய்வழி எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றின் பில், சொத்து வரி ரசீது, ஓய்வூதிய ஆணை, அரசுத் துறை போன்ற நிறுவனம் தந்த குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதம். பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சிலிண்டர் ரசீது குழாய்வழி எரிவாயு பில் ஆகாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு மின்கட்டண பில்லும் உதவுவதில்லை; அது வீட்டுக்காரர் பெயரில் வரும். செல்வியிடம் அவர் பெயரிலேயே, மதுரை முகவரியோடு, போன மாதத்துப் போஸ்ட்பெய்டு பில் இருக்கிறது. அதை இணைக்கிறார். ஆனால் இது தற்காலிக வழி. புது முகவரி உள்ள முதன்மைச் சான்று ஒன்றை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். எனவே ஆதாரில் முகவரி மாற்றும் வேலையை அவர் அதே வாரத்தில் தொடங்குவது நல்லது.

முகவரி மட்டுமே மாறியவர்களுக்கு வழி இன்னும் எளிது. புது முகவரியைச் சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம். வங்கி இரண்டு மாதத்துக்குள் அந்த முகவரிக்குக் கடிதம் அனுப்பியோ ஆளை அனுப்பியோ உறுதிசெய்துகொள்ளும். ஆவணமும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு.

மூன்றாவது நாமினி. இதற்குக் கடிதம் மட்டும் போதாது. வங்கியின் நியமனப் படிவத்தை நிரப்ப வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம். அதில் இரண்டு வகை. பங்கு பிரித்து ஒரே நேரத்தில் வைக்கலாம். பங்குகளின் கூட்டுத்தொகை நூறு சதவீதம் ஆக வேண்டும். அல்லது வரிசைப்படி வைக்கலாம். முதலாமவர் உயிரோடு இல்லாவிட்டால்தான் அடுத்தவருக்கு உரிமை வரும். லாக்கருக்கு வரிசை முறை மட்டுமே உண்டு.

செல்வி கணவருக்கு ஐம்பது, மகளுக்கு ஐம்பது என்று எழுதுகிறார். மகள் மைனர் என்பதால் பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, அவள் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரின் பெயரையும் எழுத வேண்டும். செல்வி தன் தாயாரின் பெயரை எழுதுகிறார். கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைப்பவருக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் கணக்குதாரர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். சேமிப்புக் கணக்குக்குப் போட்ட நாமினி வைப்புத்தொகைக்குத் தானாக வந்துவிடுவார் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு கணக்கு எண்ணையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

இனி கடிதம்:

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.

பொருள்: பெயர், முகவரி திருத்தம் மற்றும் நாமினி மாற்றம் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, தங்கள் கிளையில் எனக்கு சேமிப்புக் கணக்கு எண் ____, வைப்புத்தொகை எண் ____ உள்ளன. திருமணத்துக்குப் பின் என் பெயர் கு. செல்வி. தற்போதைய முகவரி ____. இவ்விரண்டையும் பதிவில் திருத்தவும், மேற்கண்ட இரு கணக்குகளிலும் காலமான என் தந்தையின் பெயரை நீக்கி, இணைத்துள்ள படிவங்களின்படி புதிய நாமினிகளைப் பதியவும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு:
1. ஆதார் நகல் (அடையாளம்)
2. பான் அட்டை நகல்
3. திருமணப் பதிவுச் சான்றிதழ் நகல் (பெயர்)
4. போஸ்ட்பெய்டு பில் (முகவரி)
5. நியமனப் படிவம், கணக்குக்கு ஒன்றாக
6. புதிய கையெழுத்து மாதிரி

ஒவ்வொரு இணைப்புக்கும் அது எதற்கான சான்று என்று எழுதிவிட்டால், கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தேட வேண்டியிருக்காது. நகல்களில் சுயசான்றொப்பம் இட்டு, அசல்களைக் கையில் கொண்டுபோக வேண்டும். ஆதார் நகலில் முதல் எட்டு எண்களை மறைத்துக் கொடுப்பது பாதுகாப்பு.

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெறும் உரிமை உள்ளவரே தவிர, சொத்தின் உரிமையாளர் அல்ல. வங்கி வைப்புகளைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவுபடுத்தியது. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும்.

மனுவைக் கொடுத்ததும் அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நாமினி படிவத்துக்கு ஒப்புகைச் சீட்டு தருவது வங்கியின் கடமை. சில நாள் கழித்துப் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்து, புது இனிஷியலும் முகவரியும் நாமினி பதிவான குறிப்பும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வரவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே முத்திரை பெற்ற அந்த நகல்தான் உங்கள் ஆதாரம்.