ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சான்று?

“1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பழந்தமிழ் நூல்கள் மீதான ஆர்வத்தை வளர்த்தது அந்தப் பதிப்பே.”

இதில் மூன்று செய்திகள் உள்ளன. பிறந்த ஆண்டை அவருடைய தன்வரலாறு சொல்லும். பதிப்பாண்டுக்கு அந்தப் பதிப்பின் முகப்புப் பக்கமே வலுவான சான்று. மூன்றாவது, காரணம் கூறும் மதிப்பீடு. ‘பதிப்பே’ என்ற ஏகாரம் மற்றப் பதிப்பாசிரியர்களை ஒதுக்கிவிடுகிறது. அப்படிச் சொன்ன ஆய்வாளரின் நூலும் பக்கமும் வேண்டும். இல்லையேல் ஏகாரத்தை நீக்க வேண்டும்.

வாக்கிய இறுதியில் தன்வரலாற்றை மட்டும் குறித்தால், மூன்றுக்கும் அதுவே ஆதாரம் என்று வாசகர் நம்பிவிடுவார். அதனால் ஒவ்வொரு குறிப்பும் தன் செய்தியை ஒட்டியே நிற்க வேண்டும்.

பத்தி முழுவதும் ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்களிலிருந்து வந்தால் ஒரு குறிப்பு போதும். இடையில் வேறு நூல் நுழைந்தால், முந்தைய நூலுக்குத் திரும்பும்போது மறுபடியும் குறிப்பிட வேண்டும்.