ஓரெழுத்து வேற்றுமை

பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தைக்கு இரத்தத்தில் கிருமித் தொற்று இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுற்றால், ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார். ஒரு மணி நேரத்திற்குள் மருந்து உள்ளே சென்றாக வேண்டும். அப்போது பெரும்பாலும் கொடுக்கப்படும் ஊசிகளுள் ஒன்று ஜென்டாமைசின். அது கிருமியின் ரைபோசோமைத் தாக்கும் மருந்து. ஆனால் குழந்தையின் ஒவ்வோர் உயிரணுவிலும் ரைபோசோம்கள் இருக்கின்றனவே! கிருமியைக் கொல்வது குழந்தையை ஏன் கொல்லவில்லை?

‘பாக்டீரியாவின் ரைபோசோம் 70 எஸ், நம்முடையது 80 எஸ், அதனால்தான்’ என்று நாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். உண்மையில் அது விடையாகாது. ஒன்று சிறியது, மற்றது பெரியது என்பதால் மட்டும் மருந்து ஒன்றைப் பற்றி மற்றதை விட்டுவிடாது. மருந்து அமரும் இடம் மிகச் சிறியது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரைபோசோம் புரதம் கட்டும் தொழிற்கூடம் என்பதை நாம் அறிவோம். தூது ஆர்.என்.ஏ. கொண்டுவரும் செய்தியை அது மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது. வந்தது சரியான ஆள்தானா என்று சோதிக்கும் வாயிற்காவல் ரைபோசோமின் சிறிய துண்டில் உள்ளது. அங்கே இரண்டு அடினின்கள் ஒரு மடிப்புக்குள் அடங்கியிருக்கும். எழுத்துகள் சரியாகப் பொருந்தினால், அவ்விரண்டும் வெளியே புரண்டு, பொருத்தத்தைத் தொட்டுப் பார்த்து, ‘உள்ளே விடலாம்’ என்கின்றன.

இதை நேரில் கண்டதுபோல் நமக்குக் காட்டியவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவருடைய குழுவினர், வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் சிறு துண்டைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அதன் அமைப்பை 2000-ல் கண்டறிந்தனர். ஜென்டாமைசினின் உடன்பிறப்பு போன்ற பரோமோமைசினையும் சேர்த்துப் பார்த்தனர். மருந்து அந்த மடிப்புக்குள் புகுந்துகொண்டு, இரண்டு அடினின்களையும் வெளியே தள்ளி வைத்திருந்தது! அதாவது, வருவது யாராயினும் காவலர் ‘உள்ளே விடலாம்’ என்று சொல்லிக்கொண்டே நிற்கிறார். தவறான அமினோ அமிலங்கள் சேர்கின்றன; கோணலான புரதங்கள் பிறக்கின்றன; அவற்றுள் சில கிருமியின் சவ்விலே போய்ச் செருகி அதைப் பழுதாக்குகின்றன. (ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகிய மூவருக்கும் ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.)

இனி அந்த மடிப்பைக் கூர்ந்து நோக்குவோம். ஈ.கோலை பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. எழுத்துகளை எண்ணி வந்தால், 1408-ஆம் இடத்தில் அடினின் இருக்கிறது. ஜென்டாமைசினின் ஒரு வளையம் இந்த அடினினோடு கைகோத்துக்கொள்கிறது. மருந்தின் அமினோ தொகுதி ஒரு ஹைட்ரஜனை நீட்ட, அடினினின் நைட்ரஜன் ஒன்று அதை ஏற்கிறது. நமது ரைபோசோமில் அதே இடத்தில் இருப்பது குவானின். அங்கே அந்த நைட்ரஜன் தானே ஒரு ஹைட்ரஜனைச் சுமந்து நிற்கிறது. கொடுப்பதற்கு இரு கைகள் நீள்கின்றன. வாங்குவதற்குக் கை இல்லை. மருந்து பற்றாமல் நழுவுகிறது.

வேற்றுமை இன்னொன்றும் உண்டு. அடுத்த இடமான 1409-இல் உள்ள சைட்டோசின், பாக்டீரியாவில் எதிர்ப்புறம் 1491-இல் உள்ள குவானினோடு இணை சேர்ந்திருக்கும். அந்த இணை மருந்துக்கு ஒரு தரைபோல அமைகிறது. நம்மிடம் 1491-க்கு நேரான இடத்தில் அடினின் இருப்பதால் இணை சேரவில்லை, தரை தளர்ந்திருக்கிறது. ஆகவே நமக்கு இரண்டு பாதுகாப்புகள்.

ஓரெழுத்துக்கு இவ்வளவு வலிமையா என்று ஐயுறுவோர்க்குக் காசநோய்க் கிருமியே சான்று. ஈ.கோலையில் இந்த ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு ஏழு பிரதிகள் இருப்பதால், ஒன்று மாறினாலும் மற்ற ஆறும் மருந்துக்கு இரையாகும். காசநோய்க் கிருமியிடம் இருப்பதோ ஒரே பிரதி. 1408-க்கு நேரான அடினின் குவானினாக மாறிவிட்டால், ஜென்டாமைசினின் இனத்தவையான கனமைசினும் அமிக்கசினும் அக்கிருமியிடம் பலிப்பதில்லை. நம்மைக் காக்கும் எழுத்தையே அதுவும் எழுதிக்கொண்டுவிடுகிறது.

கதை இத்துடன் முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் நம் உயிரணுவுக்குள் இன்னொரு வகை ரைபோசோமும் உண்டு. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, முற்காலத்தில் பாக்டீரியாவாக இருந்து நம் முன்னோரின் உயிரணுவில் குடியேறியது. அது தன் சொந்த டி.என்.ஏ.வையும் சொந்த ரைபோசோமையும் இன்றும் வைத்திருக்கிறது. அதன் ரைபோசோமில் 1408-க்கு நேரான இடத்தில் பாக்டீரியாவைப் போலவே அடினின்தான்! முதல் பாதுகாப்பு அங்கே இல்லை. இணை சேராத அந்தத் தளர்ந்த தரை ஒன்றே மிச்சம்.

சிலருக்கு அதுவும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 1555-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அடினின் அவர்களுக்குக் குவானினாக இருக்கும். பாக்டீரியாவின் 1491-க்கு நேரான இடம் இதுவே. இணை சேர்ந்துவிடுகிறது, தரை கெட்டியாகிறது, மருந்து நன்றாக அமர்கிறது. ஸூரிக் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினர், காசநோய்க் கிருமிக்கு உறவான, தீங்கு குறைந்த ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமில் இந்த மடிப்பை மட்டும் மாற்றிப் பார்த்தனர். மனிதனின் சாதாரண ரைபோசோம் மடிப்பை வைத்தபோது மருந்து மிகக் குறைவாகவே தாக்கியது. மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்பை வைத்தபோது கூடுதலாகத் தாக்கியது. 1555 மாறிய மடிப்பை வைத்தபோது அதனினும் கூடுதலாகத் தாக்கியது.

இம்மருந்து மனித உயிரணுக்களுள் எளிதில் நுழைவதில்லை. சிறுநீரகத்திலும் உட்செவியின் மயிரணுக்களிலும் மட்டும் புகுந்து தங்குகிறது. அதனால்தான், இந்த மாற்றம் இல்லாதவர்க்கும் அளவு மீறினால் அவ்விரு உறுப்புகளும் கெடக்கூடும். மருத்துவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து பார்க்கிறார்கள். மாற்றம் உள்ளவர்களுக்கோ சரியான அளவிலேயே காது கேளாமற் போகலாம். முதலில் உச்ச ஒலிகள் மறையும், பிறகு பேச்சொலியும். இறந்த மயிரணு மீண்டும் முளைப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவதால், தாய்க்கோ தாய்வழி உறவினர்க்கோ ஊசிக்குப்பின் காது மந்தமாயிற்றா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. ஆனால் ஊசியே போட்டிராத குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு என்ன விடை கிடைக்கும்?

1555 மாற்றத்துக்கும் இச்செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு 1993-ல் தெரியவந்தது. பிரிட்டனில் குழந்தைகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் அது காணப்பட்டது. குறை எங்கே என்று தெரிந்தும், சோதனை முடியப் பல நாள்கள் ஆகும் என்பதால், ஒரு மணி நேரக் கெடுவுக்கு முன் அந்த அறிவு பயன்படாமலே கிடந்தது.

பிறகு மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் ஒரு சிறு கருவியைச் சோதித்தார்கள். குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தடவி எடுத்துக் கருவியில் வைத்தால், 26 நிமிடங்களில் 1555-ஆம் இடத்து எழுத்தைச் சொல்லிவிடுகிறது. 2022-ல் வெளியான முடிவுகளின்படி 751 பச்சிளங்குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மூவரிடம் குவானின் இருந்தது. அந்த மூவருக்கும் ஜென்டாமைசின் வகை ஊசி போடப்படவில்லை.