வாழைப்பழம் சரி, பனைப்பழம் ஏன் இல்லை?

வாழைப்பழம் என்கிறோம், பனையில் காய்த்தால் பனம்பழம் என்கிறோம். வாழை, பனை இரண்டும் மரப்பெயர்கள், இரண்டும் ‘ஐ’யில் முடிகின்றன, பின்னால் வரும் சொல்லும் ஒன்றே. ஆனாலும் ஒன்றில் ‘ப்’ மட்டும் கூடுகிறது, மற்றொன்றில் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி படித்தவர்கள்கூட இதை நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு சொற்கள் சேரும்போது முன்னே நிற்பது நிலைமொழி, பின்னே வருவது வருமொழி. சேர்ந்த இடத்தில் எதுவும் மாறாவிட்டால் அது இயல்பு புணர்ச்சி. மாறினால் விகாரம். அந்த விகாரம் மூன்றே வகை என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழை + பழம் வாழைப்பழம் ஆகும்போது ‘ப்’ புதிதாகத் தோன்றியது. பொன் + குடம் பொற்குடம் ஆகும்போது ‘ன்’ ‘ற்’ ஆகத் திரிந்தது. மரம் + வேர் மரவேர் ஆகும்போது ‘ம்’ கெட்டது, அதாவது, மறைந்தது. இந்தப் பிரிவு பவணந்தி முனிவர் புதிதாகக் கண்டதல்ல. தொல்காப்பியமும் இதே மூன்றைத்தான் மிகுதல், மெய்பிறிதாதல், குன்றல் என்று வேறு பெயர்களில் சொல்கிறது.

ஒரு சேர்க்கையில் ஒரு விகாரம்தான் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பனங்காயை எடுத்துக்கொள்வோம். பனை + காய். முதலில் ‘ஐ’ கெடுகிறது, மிஞ்சுவது ‘பன்’. அடுத்து ‘அம்’ என்னும் சாரியை நடுவில் தோன்றுகிறது: பன் + அம் + காய். இப்போது ‘பனம் + காய்’ என்று நிற்கிறது. ககரத்துக்கு முன்னால் ‘ம்’ நிற்காது. அதற்கு இனமான ‘ங்’ ஆகத் திரிகிறது. பனங்காய். கெட்டு, தோன்றி, திரிந்து, மூன்றும் ஒரே சொல்லில் நடந்து முடிந்தன.

கடைசிப் படியைப் பொறுத்துச் சொல்லின் வடிவம் மாறும். தகரம் வந்தால் ‘ந்’, பனந்தோப்பு. சகரம் வந்தால் ‘ஞ்’, பனஞ்சாறு. பகரம் வந்தால் ‘ம்’ அப்படியே இருக்கும், பனம்பழம். ஆக, பனம்பழத்தில் திரிதல் இல்லை. கெடுதலும் தோன்றலும் மட்டும்தான்.

இவை எல்லாம் வருமொழி க, ச, த, ப என்னும் வல்லினத்தில் தொடங்கும்போது நடப்பவை. பனைமரம், பனைவெல்லம் என்பவற்றில் எந்த மாற்றமும் இல்லை. பனையோலையில் இரு உயிர்களை இணைக்க ‘ய்’ மட்டும் தோன்றுகிறது. பொருளுறவும் பார்க்க வேண்டும். ‘பனையினது காய்’ என்று விரிக்க முடிந்தால் அது வேற்றுமைப் புணர்ச்சி. அங்கேதான் ‘அம்’ வரும். ‘பனை பெரிது’ என்பதில் பனை எழுவாய். வல்லினம் பின்னால் வந்தும் ஒன்றும் நடப்பதில்லை. அதை யாரும் ‘பனம்பெரிது’ ஆக்குவதில்லை.

பனைக்கு மட்டும் நன்னூல் ஒரு தனி நூற்பாவே ஒதுக்கியிருக்கிறது. கொடி என்னும் சொல் வந்தால் ‘ஐ’ கெடாது. வல்லினம் மிகுந்து பனைக்கொடி ஆகும். திரள் வந்தால் பனைத்திரள், பனந்திரள் இரண்டும் சரி. அட்டு வந்தால் ‘ஐ’ கெட்டு, வருமொழியின் அகரம் நீண்டு பனாட்டு ஆகும். பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்து எடுக்கும் பனாட்டு யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. பெயரும் அன்றைய வடிவிலேயே இருக்கிறது.

சரி, வாழை ஏன் இந்த வழிக்கு வரவில்லை? ஒலியில் காரணம் தேடினால் கிடைக்காது. தென்னங்கீற்று, தாழம்பூ, மாதுளங்கனி எல்லாம் பனையின் வழியில் போகின்றன. புன்னையங்கானலில் ‘அம்’ வந்தும் ‘ஐ’ கெடவில்லை. ‘ஐ’ ஈற்றுச் சொற்களில் ஈறு அழிந்து ‘அம்’ ஏற்பவையும் உண்டு என்று மட்டும் நன்னூல் சொல்கிறது; எவை என்று முழுப் பட்டியல் தரவில்லை. வழக்குதான் பட்டியல். இலக்கண ஆசிரியர்கள் பேச்சில் இருந்ததைப் பதிவு செய்தார்களே தவிர, வாழையை வற்புறுத்திப் பனையின் வரிசையில் நிறுத்தவில்லை.

இதனால்தான் புதுச்சொல் ஆக்கும்போது தடுமாற்றம் வருகிறது. பனைத்தொழிலாளர் என்று இன்று எல்லோரும் எழுதுகிறோம். நூற்பாவை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் பனந்தொழிலாளர் என்றுதான் வர வேண்டும். இதைப் பிழை என்று திருத்துவது வீண்வேலை என்பேன். பனங்கிழங்கும் பனங்கள்ளும் பல தலைமுறைகள் வாயில் புழங்கி ஒரே சொல்லாக இறுகிவிட்டவை. பனைத்தொழில் நம் காலத்துச் சேர்க்கை, அது ‘ஐ’ ஈற்றின் பொதுவழியில் வாழைப்பழத்தோடு போகிறது. ஆனால் ‘பனைக்காய்’ என்றோ, ஒற்றும் இல்லாமல் ‘பனை பழம்’ என்றோ அச்சிடுவதற்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே வழக்கு வேறு வடிவத்தை எப்போதோ முடிவு செய்துவிட்டது.