சிவப்பு மாத்திரையும் பெரிய பிள்ளையும்

“இதைத் தின்னா பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆயிடும்னு அத்தை சொல்றாங்க நர்சம்மா.” ஐந்து மாதக் கர்ப்பிணி இரும்புச்சத்து மாத்திரை அட்டையைப் பிரிக்கவே இல்லை. ஹீமோகுளோபின் 9 கிராம். 11 இருக்க வேண்டும்.

“தாய்க்குச் சர்க்கரை இருந்தா பிள்ளை ரொம்பப் பெருக்கலாம் தாயி. அதுக்குத்தானே குளுக்கோஸ் குடிக்கவெச்சு ரத்தம் எடுத்தோம்? இது உனக்கு ரத்தம் ஊற. பிரசவத்துல ரத்தம் போனா உடம்பு தாங்கணுமில்ல?”

பயம் அதோடு தீராது என்பது அந்தக் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். மலம் கறுத்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள். அதையும் முன்கூட்டியே சொன்னார்: “கறுப்பாப் போகும், பயப்படாதே. காலையும் ராத்திரியும் சாப்பிட்டபிறகு ஒண்ணொண்ணு போடு, குமட்டல் குறையும். கூடவே டீ குடிச்சிராதே, சத்து சேராது.”

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.